வட்டப் பாதையில் இரு ஓட்டக்காரர்கள்: 200 வினாடியா, 400 வினாடியா?

*அன்புள்ள ஐயா,*

*போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 400 மீட்டர் வட்டப் பாதையில் அ வினாடிக்கு 5 மீட்டர், ஆ வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குகிறார்கள். ஒரே திசையில் ஓடினால் முதலில் எப்போது சந்திப்பார்கள்? நான் மீ.பொ.ம. எடுத்து 400 வினாடி என்றேன். தோழி 200 என்கிறாள். எதிரெதிர் திசையில் ஓடினாலும் எனக்கு அதே 400தான் வருகிறது. எங்கே தவறுகிறேன்?*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தோழி சொல்வது சரி. நீங்கள் கண்டுபிடித்த 400ம் பிழையான எண் அல்ல, ஆனால் அது வேறொரு கேள்விக்கான விடை. பாதையில் எங்காவது சந்திப்பது ஒன்று, புறப்பட்ட இடத்திலேயே சந்திப்பது இன்னொன்று. மீ.பொ.ம. இரண்டாவதற்குத்தான் உதவும்.

முதல் கேள்விக்கு வேக வித்தியாசத்தைப் பாருங்கள். வினாடிக்கு வினாடி அ, ஆவை விட 2 மீட்டர் முந்துகிறார். ஆவை அவர் மறுபடி எட்டிப் பிடிக்க முழுதாக ஒரு சுற்று, அதாவது 400 மீட்டர், கூடுதலாக ஓடியிருக்க வேண்டும். 400ஐ 2ஆல் வகுத்தால் 200 வினாடி. சரிபார்க்கலாம்: 200 வினாடியில் அ ஓடியது 1000 மீட்டர், இரண்டரைச் சுற்று. ஆ ஓடியது 600 மீட்டர், ஒன்றரைச் சுற்று. இருவரும் நிற்பது புறப்பட்ட இடத்துக்கு நேர் எதிரே, 200 மீட்டர் குறியில். உங்கள் முறை இந்தச் சந்திப்பைத்தான் தவறவிட்டது.

எதிரெதிர் திசை என்றால் வேகங்களைக் கூட்ட வேண்டும். இருவரும் சேர்ந்து 400 மீட்டரை முடித்தாலே சந்திப்பு நடந்துவிடும். 400ஐ 8ஆல் வகுக்க 50 வினாடி. அ 250 மீட்டர், ஆ 150 மீட்டர்.

இனி உங்கள் 400. ஒரு சுற்றுக்கு அவுக்கு 80 வினாடி, ஆவுக்கு 400/3 வினாடி. பின்னங்களுக்கு மீ.பொ.ம. காணத் தொகுதிகளின் மீ.பொ.ம.வைப் பகுதிகளின் மீ.பொ.வ.வால் வகுக்க வேண்டும் (பின்னங்களை முதலில் சுருக்கிக்கொள்ளுங்கள்): 80, 400 இரண்டின் மீ.பொ.ம. 400; 1, 3 இரண்டின் மீ.பொ.வ. 1; விடை 400. அந்த நேரத்தில் அ 5 சுற்றும் ஆ 3 சுற்றும் முடித்துப் புறப்பட்ட இடத்தில் இருப்பார்கள். இந்தக் கணக்கில் திசைக்கு வேலையே இல்லை. வலமாக ஓடினாலும் இடமாக ஓடினாலும் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒன்றுதானே. அதனால்தான் இரண்டு திசைக்கும் உங்களுக்கு ஒரே எண் வந்தது. 'முதல் சந்திப்பு' கேட்கும் கணக்கில் திசையை மாற்றியும் விடை மாறவில்லை என்றால், தவறான முறையைக் கையிலெடுத்திருக்கிறீர்கள் என்று அந்த இடத்திலேயே சந்தேகப்படலாம்.

இரண்டு விடைகளையும் சேர்த்து வைத்தால் அடுத்த கேள்விக்கும் பதில் கிடைக்கிறது: எத்தனை வெவ்வேறு இடங்களில் சந்திப்பார்கள்? ஒரே திசையில் 200 வினாடிக்கு ஒருமுறை சந்திப்பு, 400வது வினாடியில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஆக 2 இடங்கள். எதிர்த்திசையில் 50 வினாடிக்கு ஒருமுறை என்பதால் 8 இடங்கள், 50 மீட்டர் இடைவெளியில். ஆனால் வரிசையாக அல்ல: 250, 100, 350, 200 என்று தாவித் தாவி வரும்.

வேக விகிதம் 5:3. கழித்தால் 2, கூட்டினால் 8. குறுக்குவழி இவ்வளவுதான். ஆனால் விகிதத்தை முதலில் சுருக்க வேண்டும், பலர் வழுக்குவது இங்கேதான். வேகங்கள் 6, 4 என்றால் நேரடியாகக் கழித்து 2 இடங்கள் என்று எழுதிவிடுவார்கள். சுருக்கினால் 3:2, வித்தியாசம் 1. ஓட்டிப் பாருங்கள்: 200 வினாடியில் ஒருவர் 1200 மீட்டர், மற்றவர் 800 மீட்டர். இரண்டுமே முழுச் சுற்றுகள். ஒரே திசையில் ஓடும்வரை இவர்கள் புறப்பட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் சந்திக்கவே மாட்டார்கள்.

கேள்வியில் 'நேர் எதிரெதிர் முனைகளிலிருந்து புறப்படுகிறார்கள்' என்று இருந்தால் நிதானமாகப் படியுங்கள். முதல் இடைவெளி 200 மீட்டர்தான். உங்கள் கணக்கின் வேகங்களுக்கு ஒரே திசையில் முதல் சந்திப்பு 100 வினாடியில், அதன்பின் வழக்கம்போல 200 வினாடிக்கு ஒருமுறை. எதிர்த்திசையில் முதலில் 25, பிறகு 50க்கு ஒருமுறை. இங்கே மீ.பொ.ம. செல்லாது. 400 வினாடியில் இருவரும் அவரவர் புறப்பட்ட முனைக்குத் திரும்பியிருப்பார்கள், ஆனால் நடுவில் இன்னும் 200 மீட்டர் இருக்கும். ஒரே திசையில் இவர்கள் சந்திப்பதெல்லாம் அ புறப்பட்ட இடத்திலிருந்து 100, 300 மீட்டர் குறிகளில் மட்டுமே. இருவர் புறப்பட்ட இடங்களிலும் எத்தனை நேரம் ஓடினாலும் சந்திப்பு நிகழாது.