மின்னஞ்சலை மைக்ரோசாஃப்ட் 365-க்கு மாற்றி, ஆட்டோடிஸ்கவர் சிநேம் பதிவும் சரியாகப் போட்டுவிட்டேன். அவுட்லுக் இன்னும் பழைய சர்வரையே பிடிக்கிறதே, ஏன்?

மின்னஞ்சல் சர்வர் எங்கே என்று அவுட்லுக்குக்குச் சொல்ல நீங்கள் போட்ட பதிவை அது இன்னும் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. அதற்கு முன்பே வேறொருவர் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார். உங்கள் இணையதளம் இன்னும் பழைய ஹோஸ்டிங்கில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் குறுக்கே நின்று பதில் சொல்வது அந்தச் சர்வர்தான்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. இதே விஷயத்தில் ஒன்பது நாள் தலைகுனிந்து நின்றிருக்கிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு கணினிக் கடை வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரி நிறுவனம் ஒன்று எனக்கு வாடிக்கை. மொத்தம் 14 மின்னஞ்சல் கணக்குகள். இணையதளமும் மின்னஞ்சலும் ஒரே ஹோஸ்டிங்கில் இருந்தன. எடைப்பாலத்துச் சீட்டுகளை எல்லாம் ஸ்கேன் செய்து அனுப்பி அனுப்பிப் பெட்டி நிரம்பி வழிந்ததால், மின்னஞ்சலை மட்டும் 365-க்கு மாற்றச் சொன்னார் முதலாளி.

ஒரு சனிக்கிழமை மாலை, டொமைன் பதிவு செய்த இடத்தின் டி.என்.எஸ். பக்கத்தில், கடிதங்கள் எந்தச் சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவை மாற்றினேன். `autodiscover` என்ற பெயருக்கு `autodiscover.outlook.com` என்று சிநேம் போட்டேன். பதிவின் ஆயுள் 14400 விநாடி, அதாவது நான்கு மணி நேரம். ஞாயிறு முழுக்கக் காத்திருந்து, உலாவியில் நுழைந்து பார்த்தேன். கடிதங்கள் ஒழுங்காக வந்தன. திங்கட்கிழமை ஒவ்வொருவருக்கும் புதிய கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அவுட்லுக்கில் புதிதாகக் கணக்கைச் சேர்க்கச் சொன்னேன்.

பல கணினிகளில் கடவுச்சொல் பெட்டி திரும்பத் திரும்ப எழுந்து வந்தது. கணக்குப் பிரிவு அக்காவுடையது மட்டும் முதல் முயற்சியிலேயே திறந்துவிட்டது. “பார்த்தீர்களா, அக்கா செய்வதைப் போல் பொறுமையாகச் செய்ய வேண்டும்” என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு வேறு வந்தேன். அதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

வியாழக்கிழமை அக்கா கடைக்கு போன் செய்தார். “தம்பி, ஆலையிலிருந்து விலைக் கடிதம் அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார்கள், எனக்கு வரவில்லை. நான்கு நாளாக இணையதளப் படிவத்தில் வருவது மட்டும்தான் வருகிறது” என்றார். போய்ப் பார்த்தால், அவர் என் சீட்டை மேசைக் கண்ணாடிக்குக் கீழே செருகி வைத்துவிட்டு, பழைய கடவுச்சொல்லையே அடித்திருக்கிறார். பழைய சர்வரில் பழைய பெட்டி அப்படியே இருந்தது. அது அவரை வரவேற்று உள்ளே விட்டுவிட்டது. சொன்னபடி புதிய கடவுச்சொல்லை அடித்தவர்கள் வாசலில் நின்றார்கள்.

படிவத்துக் கடிதங்கள் மட்டும் ஏன் வந்தன? இணையதளமும் அந்தச் சர்வரில்தான் ஓடியது. டி.என்.எஸ். வேறு இடத்தில் மாறியது அதற்குத் தெரியாது. இந்த டொமைனின் கடிதங்களுக்கு நானே சொந்தக்காரன் என்ற நினைப்பில், வெளியே அனுப்பாமல் உள்ளேயே போட்டுக்கொண்டது. அக்கா சக ஊழியர்களுக்கு எழுதிய கடிதங்களும் அதே குழியில்தான் விழுந்து கிடந்தன.

இனி அவுட்லுக் ஏன் அங்கே போனது என்பதற்கு வருகிறேன். மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்ததும் அது ஒரு வரிசையில் கதவுகளைத் தட்டும். அலுவலகத்தில் ஆக்டிவ் டைரக்டரி இருந்தால் முதலில் அதைக் கேட்கும். நம் போன்ற சிறிய அலுவலகங்களில் அது இருக்காது. அடுத்துத் தட்டுவது உங்கள் டொமைனின் வெறும் பெயரை. அது தோற்றால்தான் `autodiscover` என்று தொடங்கும் பெயர்:

```
https://example.com/autodiscover/autodiscover.xml
https://autodiscover.example.com/autodiscover/autodiscover.xml
```

இரண்டும் தோற்றால் பாதுகாப்பில்லாத வழியில் ஒரு திருப்பிவிடுதல் கிடைக்கிறதா என்று பார்க்கும். அதற்கும் பிறகுதான் எஸ்.ஆர்.வி. பதிவு. முதல் வரியில் உள்ள முகவரி உங்கள் இணையதளம் இருக்கும் சர்வர் என்பதைக் கவனியுங்கள். பகிர்வு ஹோஸ்டிங் சர்வர்கள் பலவற்றில், யார் கேட்டாலும் “ஐமேப் சர்வர் நான்தான், போர்ட் 993” என்று சொல்லும் சிறு நிரல் ஒன்று முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும். வாடிக்கையாளரின் மின்னஞ்சலும் அங்கேயே இருக்கும்வரை அது நல்ல சேவை. மின்னஞ்சல் வெளியேறிய பிறகும் அது வாயை மூடுவதில்லை. முதல் கதவிலேயே ஒழுங்கான பதில் கிடைத்துவிடுவதால் அவுட்லுக் இரண்டாவது கதவுக்குப் போவதே இல்லை.

புதிய பதிப்புகள் முதலில் மைக்ரோசாஃப்டின் மேகத்தைத்தான் கேட்கும் என்று யாராவது கீழே வந்து திருத்துவார்கள். கேட்கும்தான். ஆனால் இந்தக் கணக்கு அங்கேதான் இருக்கிறது என்று அதற்கு நம்பிக்கை வந்தால் மட்டுமே அந்தக் குறுக்குவழி. வரவில்லையென்றால் மேலே சொன்ன வரிசைதான்.

நம்பாவிட்டால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அவுட்லுக் திறந்திருக்கும்போது, திரையின் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள அதன் சின்னத்தின் மேல் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி வலது சொடுக்குப் போடுங்கள். `Test E-mail AutoConfiguration` என்று வரும். அதில் `Guessmart` என்ற சொல் வரும் இரண்டு குறிகளையும் எடுத்துவிட்டுச் சோதனையை ஓட்டி, `Log` பக்கத்தைத் திறந்தால், எந்த முகவரியைத் தட்டியது, எது `FAILED`, எது `Succeeded` என்று வரி வரியாக இருக்கும். அக்காவின் கணினியில் வெறும் டொமைன் பெயருக்கு நேரே `Succeeded` என்று நின்றது. என் சிநேம் பெயர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. நான்கு நாளாக அந்த ஒரு பதிவைத்தான் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தேன். (இந்தச் சோதனை பழைய வடிவ அவுட்லுக்கில் மட்டும் உண்டு, புதிய வடிவத்தில் தேடாதீர்கள்.)

அந்த முகவரியை உலாவியில் திறந்து பார்த்து முடிவு கட்ட வேண்டாம். உலாவி பக்கத்தைக் கேட்கும். அவுட்லுக் தகவல் கொடுத்துப் பதில் கேட்கும். இரண்டுக்கும் பதில் வேறாக இருக்கலாம்.

காரணம் தெரிந்ததும் இணையதளக் கோப்புறையில் `.htaccess` எழுதி அந்தப் பாதையை அடைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கோரிக்கை கோப்புறைக்கு வரும் முன்பே, சர்வரின் மேல்மட்ட அமைப்பு அதைத் தன் நிரலுக்குத் திருப்பிவிடுகிறது. ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதினேன். அதை நிறுத்தினால் அதே சர்வரில் உள்ள மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் நின்றுபோகும், முடியாது என்று மூன்றாம் நாள் பதில் வந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அதனால் முதலில் ஒவ்வொரு கணினியிலும் இந்த வரியை ஓட்டினேன். வெறும் டொமைன் பெயரைத் தட்டாதே என்று அவுட்லுக்குக்குச் சொல்வது இது:

```
reg add "HKCU\Software\Microsoft\Office\16.0\Outlook\AutoDiscover" /v ExcludeHttpsRootDomain /t REG_DWORD /d 1 /f
```

இது கணினிக்கு அல்ல, அதில் நுழைந்திருக்கும் பயனருக்கு மட்டும். எடைப்பால அறையில் இரண்டு கிராணிகள் ஒரே கணினியை முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு பேர் பெயரிலும் நுழைந்து தனித்தனியாக ஓட்ட வேண்டியிருந்தது. பிறகு கன்ட்ரோல் பேனலில் பழைய மெயில் சுயவிவரத்தை நீக்கிப் புதிதாக உருவாக்கினால், நேரே 365-இன் நுழைவுப் பக்கம் வரும்.

ஆனால் நாளை புதிதாக வாங்கும் கணினிக்கு இது தெரியாது. ஆகவே அடுத்த மாதம் இணையதளத்தையே, இந்த மாதிரி நிரல் இல்லாத வேறு இடத்துக்கு மாற்றினேன். அங்கே அந்த முகவரியைக் கேட்டால் 404 வருகிறது. அவுட்லுக் ஒழுங்காக இரண்டாவது கதவுக்குப் போகிறது. மாற்றும் முன், பழைய சர்வரில் அஞ்சல் வழித்தடத்தை `Remote Mail Exchanger` என்று வைத்தேன்; அதிலிருந்து படிவக் கடிதங்கள் சரியான பெட்டிக்கு வந்தன. அக்காவின் பழைய பெட்டியை அவுட்லுக்கில் பக்கத்திலேயே திறந்து, தேங்கிக் கிடந்த 61 கடிதங்களைப் புதிய பெட்டிக்கு இழுத்துப் போட்டேன். அதன் பிறகுதான் பழைய பெட்டிகளை அழித்தேன். அவசரப்பட்டு முதலிலேயே அழித்துவிடாதீர்கள்.

ஒருவர் மட்டும் அவுட்லுக்குக்குப் பதிலாகத் தண்டர்பேர்ட் வைத்திருந்தார், அவருக்கு எல்லாம் முடிந்த பிறகும் பழைய சர்வரே வந்தது. தண்டர்பேர்ட் கேட்கும் பெயர் வேறு: `autoconfig.example.com`. எனக்கு முன்பு இந்த வேலையைப் பார்த்தவர் பழைய ஹோஸ்டிங்கின் பதிவுகளை ஒன்றுவிடாமல் நகல் எடுத்து வைத்திருந்ததில் அதுவும் இருந்தது, `_autodiscover._tcp` என்ற எஸ்.ஆர்.வி. பதிவும் இருந்தது. இரண்டையும் நீக்கினேன். அதற்குப் பிறகு தண்டர்பேர்ட் எம்.எக்ஸ். பதிவைப் பார்த்துத் தன் பொதுப் பட்டியலிலிருந்து சரியான அமைப்பை எடுத்துக்கொண்டது. உங்களிடமும் இந்த இரண்டு பெயர்கள் கிடக்கின்றனவா என்று பாருங்கள்.

இவ்வளவுக்கும் நான் கேட்ட கூலி 350 வெள்ளி. “மெயில் போடத்தானே தம்பி” என்று 200 கொடுத்தார் முதலாளி. அவரையாவது விடலாம். எங்கள் ஊர்க் கோயில் கமிட்டி, திருவிழாவுக்கு இணையதளம் செய்து கொடு, புண்ணியம் கிடைக்கும் என்று மூன்று வருடமாகக் கேட்கிறது. பந்தல் போடுகிறவருக்கும் நாதஸ்வரக் குழுவுக்கும் முன்பணம் போகிறது, எனக்கு மட்டும் புண்ணியம். போன வருடம் செய்து கொடுத்தேன். தலைவர் படம் சின்னதாக இருக்கிறது என்று இரவு பதினொரு மணிக்கு போன். இதை இங்கே எழுதக் கூடாதுதான், எழுதிவிட்டேன்.

உங்கள் `Log` பக்கத்தில் `Succeeded` என்ற சொல் எந்த முகவரிக்கு நேரே நிற்கிறது என்று கீழே எழுதுங்கள். `autodiscover` என்று தொடங்கும் பெயருக்கு நேரே நின்றும் பழைய சர்வர் வருகிறது என்றால் நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது, வேறு இடத்தில் தேட வேண்டும்.