‘நீங்க யாரு?’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி

கேள்வி: தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில், “நீங்க யாரு? உங்க நம்பர் என் போன்ல இருக்கே” என்று வந்தது. என் பெயரைச் சொன்னேன். உடனே “நீங்க நிஜமான ஆள்தானா?” என்று கேட்டார்கள். “ஆமா” என்றேன். இப்போது பயமாக இருக்கிறது. போன் ஹேக் ஆகியிருக்குமா? பேங்க் பணம் போய்விடுமா?

பதில்: இல்லை. பதில் அனுப்பியதால் மட்டும் போன் ஹேக் ஆகாது, பணமும் போகாது. லிங்க் எதையும் தொடவில்லை, ஃபைல் எதையும் இறக்கவில்லை என்றால் இன்று இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் அவர்களுக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. இந்த எண் உயிரோடு இருக்கிறது, பின்னால் இருப்பவர் பதில் சொல்லும் ஆள் என்பது தெரிந்துவிட்டது. வரிசையாகப் பல எண்களுக்கு ஒரே செய்தியை அனுப்பினால் பெரும்பாலானோர் கண்டுகொள்ள மாட்டார்கள். பதில் சொல்பவரைப் பிரித்தெடுக்கத்தான் “நீங்க யாரு?” என்ற வலை. “நிஜமான ஆள்தானா?” என்பது அடுத்த சல்லடை. அதற்கு நாம் கொஞ்சம் ரோஷத்தோடு பதில் சொல்வோம், பேச்சு வளரும்.

அப்புறம் நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். “ஸாரி, தப்பான நம்பர். ஆனா நல்லாப் பேசறீங்க” என்பார்கள். ஒரு போட்டோ வரும். சில நாள் “சாப்பிட்டீங்களா” என்ற விசாரிப்பு. பிறகு டெலிகிராமுக்கு வரச் சொல்வார்கள். அங்கே மாமாவோ சித்தப்பாவோ சொல்லிக்கொடுத்த டிரேடிங் ஆப் ஒன்று முளைக்கும். ஐயாயிரம் போட்டால் லாபத்தோடு திருப்பியும் தருவார்கள். அந்தச் சின்னத் தொகையை நம்பித்தான் மக்கள் லட்சங்களைப் போடுகிறார்கள். திரும்ப எடுக்கப் போனால் “முதலில் வரி கட்டு” என்று இன்னொரு தொகை கேட்பார்கள்.

நிஜமாகவே எண் மாறி வந்தவரா என்று பார்க்க, உங்கள் பெயரைச் சொல்லாமல், “யாரைத் தேடுறீங்க?” என்று திருப்பிக் கேளுங்கள். தவறி வந்தவர் ஒரு பெயரைச் சொல்வார், இல்லை என்றதும் போய்விடுவார். மோசடிக்காரர் மன்னிப்புக் கேட்டுவிட்டு நின்று பேசுவார்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நல்ல மனிதர்களும் திட்டு வாங்குகிறார்கள். உங்களுடையது புது சிம்மா? நம் நாட்டில் கைவிடப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கிறார்கள். பழைய சொந்தக்காரரின் அத்தையும் கடன் கொடுத்தவரும் “நீங்க யாரு?” என்று கேட்கத்தான் செய்வார்கள். அடையாளம் சுலபம்: பல பேர் ஒரே பெயரைக் கேட்பார்கள், நேராகப் போன் செய்து குரலில் பேசவும் தயங்க மாட்டார்கள். “இந்த நம்பர் இப்ப என்கிட்ட இருக்கு” என்று ஒரு தடவை சொன்னால் போதும். ஆனால் யாராவது “என் ஓடிபி உங்களுக்கு வந்திருக்கும், சொல்லுங்க” என்றால், அவர் அழுதாலும் சொல்லாதீர்கள். அது உங்கள் வாட்ஸ்அப் கணக்கையே இன்னொரு போனில் திறப்பதற்கான ஆறு இலக்க எண்ணாக இருக்கலாம். உண்மையான பழைய சொந்தக்காரராகவே இருந்தாலும் அவர் தன் வங்கிக்குப் போய் எண்ணை மாற்றிக்கொள்ளட்டும்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள். வாட்ஸ்அப் பிரைவசி அமைப்பில், போட்டோ உங்கள் தொடர்பில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி மாற்றுங்கள். பணம் போகாத நிலையில் sancharsaathi.gov.in தளத்தில் உள்ள ‘சக்ஷு’ பகுதியில் அந்த எண்ணைப் பதியலாம்.

பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-ஐ அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் பிடிக்க முடியும்.

அதன் பிறகு வருபவர்கள்தான் எனக்கு மிகவும் கோபமூட்டுகிறவர்கள். “போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்” என்று ‘ரிகவரி ஏஜென்ட்’ ஒருவர் வருவார். சைபர் போலீஸில் ஆள் இருக்கிறது என்பார், முத்திரை போட்ட கடிதமும் காட்டுவார். பல சமயம் முதலில் ஏமாற்றிய கும்பலே உங்கள் எண்ணை இவருக்கு விற்றிருக்கும். முடக்கிய பணத்தைக்கூடத் திரும்பப் பெற வங்கிக்கும் ஸ்டேஷனுக்கும் மாதக்கணக்கில் நடக்க வைக்கிறார்கள். “எங்க எல்லை இல்லை” என்று போலீஸாரே அனுப்பிவிடுகிறார்கள். எங்கே நடந்த குற்றமானாலும் புகாரை வாங்கத்தான் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதையும் நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. அந்த அலைச்சலில் களைத்தவரைத்தான் ஏஜென்ட் பிடிக்கிறார். 1930-ல் புகார் பதிய ஒரு ரூபாயும் கட்டணம் இல்லை. அங்கே கொடுக்கும் புகார் எண்ணைக் குறித்துவைத்து, ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லியே கேளுங்கள்.