சர்வேயர் நஷ்டத்தைக் குறைத்துப் போட்டால் மறு சர்வே கேட்கலாமா?

கேள்வி: விழுப்புரம் பக்கத்தில் ஜவுளிக்கடை நடத்துகிறேன். ஃபெஞ்சல் புயலின்போது கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. சரக்குக்கு 20 லட்சத்துக்குப் பாலிசி உண்டு. அதன்மேல் வங்கியில் சி.சி. கடனும் இருக்கிறது. 12 லட்சம் நஷ்டம் என்று கேட்டேன். சர்வேயர் 7 லட்சத்து 20 ஆயிரம்தான் போட்டிருக்கிறார். அதற்குச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். நனைந்த துணியை அவர் அனுமதியோடு விற்றாகிவிட்டது. மைத்துனரிடம் இரண்டு வட்டிக்கு 5 லட்சம் வாங்கியிருக்கிறேன். "வந்ததை வாங்கி என் பணத்தைக் கொடு" என்று தினமும் நிற்கிறார். வேறு சர்வேயரை அனுப்பச் சொல்லலாமா, கையெழுத்துப் போட்டுவிடலாமா? ரிப்போர்ட், பாலிசி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் நகல்களை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். மறு சர்வேயும் கேட்காதீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது, அதே சர்வேயர் தம் கணக்கைத் திருத்தித் தரும் கூடுதல் அறிக்கை. இன்சூரன்ஸ் அலுவலகங்களில் இதை அடெண்டம் ரிப்போர்ட் என்பார்கள்.

முதலில் மைத்துனர் விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் உங்களைக் கையெழுத்தை நோக்கித் தள்ளுவது சர்வேயர் அல்ல, அவர்தான். நீங்கள் அனுப்பிய பாலிசியின் இரண்டாம் பக்கத்தில் வங்கியின் பெயர் இருக்கிறது. சரக்கு வங்கிக்கு ஈடாக இருப்பதால் இழப்பீடு வங்கிக்கே போகும் என்ற நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது. அதாவது 7.2 லட்சம் வந்தாலும் அது உங்கள் சி.சி. கணக்கில் வரவாகும். சரக்கு குறைந்திருப்பதால் வங்கி உங்கள் எடுக்கும் வரம்பையும் குறைத்திருக்கும். எனவே அந்தப் பணத்தைத் திரும்ப எடுத்து மைத்துனருக்குக் கொடுக்கலாம் என்பது நிச்சயமில்லை. அவருக்குப் போகாத பணத்துக்காக அவர் அவசரப்படுத்துகிறார், நீங்களும் உரிமையை விட்டுக்கொடுக்கப் பார்க்கிறீர்கள். இந்த நிபந்தனையை அவருக்குக் காட்டுங்கள். வட்டியை மட்டும் மாதம் 10,000 ரூபாய் தவறாமல் கொடுத்துக்கொண்டு, அசலுக்கு வேறு தவணை பேசிக்கொள்ளுங்கள். உறவினர் நெருக்குகிறார் என்பதற்காகப் பெரிய தொகையைச் சின்னத் தொகைக்கு முடித்துக்கொள்ளும் வழக்கத்தை இத்துடன் நிறுத்துங்கள்.

இனி ரிப்போர்ட். உங்கள் சர்வேயர் சரக்கை எண்ணுவதில் தவறவில்லை. நனையாத மேல்தட்டுச் சரக்கை 6 லட்சம் என்று எண்ணியிருக்கிறார். நீங்களும் அதை மறுக்கவில்லை. நனைந்து கிழிந்து சேறு படிந்ததைத் தனித்தனியாக எண்ண முடியாததால், புயலன்று கடையில் எவ்வளவு சரக்கு இருந்திருக்கும் என்பதைக் கணக்கிலிருந்து வருவித்திருக்கிறார். அதுவும் சரியான முறைதான். வருட ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டி, விற்ற சரக்கின் அடக்க விலையைக் கழித்தால் மிச்சம் இருப்பு. விற்பனைத் தொகை தெரியும், அதன் அடக்கம் தெரியாது. ஆகவே விற்பனையிலிருந்து மொத்த லாப விகிதத்தைக் கழித்து அடக்கத்தை எடுக்கிறார்கள். கோளாறு இந்த விகிதத்தில்தான் இருக்கிறது.

2024 மார்ச் 31 இருப்பு, உங்கள் வருமான வரிப் படிவத்தின்படி 18 லட்சம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஜி.எஸ்.டி. நீங்கலாகக் கொள்முதல் 62 லட்சம், விற்பனை 70 லட்சம். சர்வேயர் லாப விகிதம் 8 சதவீதம் என்று வைத்திருக்கிறார். அப்படியானால் விற்ற சரக்கின் அடக்கம் 64.4 லட்சம்; இருப்பு 15.6 லட்சம். அதில் நனையாத 6 லட்சம் போக 9.6 லட்சம் பாதிப்பு. நனைந்த துணி விற்ற மதிப்பாக 25 சதவீதத்தைக் கழித்தால் 7.2 லட்சம். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி.

அந்த 8 சதவீதம் எங்கிருந்து வந்தது? ரிப்போர்ட்டிலேயே "வருமான வரிப் படிவத்தின்படி" என்று எழுதியிருக்கிறார். நீங்கள் 44ஏடி பிரிவின் கீழ் உத்தேச வருமானம் காட்டுகிறவர். அந்த 8 சதவீதம், வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் போனபின் எஞ்சும் நிகர வருமானமாகச் சட்டம் அனுமானித்துக்கொள்ளும் விகிதம். சரக்கின் இருப்பைக் கணக்கிட வேண்டியது செலவுகளுக்கு முந்தைய மொத்த லாபம். நிகர விகிதத்தை மொத்த விகிதத்தின் இடத்தில் போட்டதால், விற்ற சரக்கின் அடக்கம் கூடி, இருப்பு குறைந்துவிட்டது. வரிக்கணக்கு எளிதாக இருக்கிறதென்று 44ஏடியில் போகும் பல சிறு வியாபாரிகளுக்கு இதே தவறு நேர்கிறது.

நீங்கள் அனுப்பிய முந்தைய இரண்டு வருட இருப்பு, கொள்முதல், விற்பனை எண்களை வைத்துப் பார்த்தால் உங்கள் மொத்த லாபம் 16 சதவீதத்தை ஒட்டி வருகிறது. அதன்படி இருப்பு 21.2 லட்சம், பாதிப்பு 15.2 லட்சம், கழிவு மதிப்பு போக 11.4 லட்சம். ஆனால் இந்த எட்டு மாதத்துக்குள் தீபாவளி வந்துபோயிற்று, நீங்களும் தள்ளுபடி விற்பனை நடத்தியிருக்கிறீர்கள். அதைச் சொல்லி நிறுவனம் 14 சதவீதத்துக்கு இறக்கினால் இருப்பு 19.8 லட்சம், பாதிப்பு 13.8 லட்சம், கையில் வருவது சுமார் 10.35 லட்சம். உங்கள் நியாயமான எதிர்பார்ப்பு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கட்டும். 12 லட்சம் என்று கேட்டது உங்கள் கணக்குக்கே சற்று அதிகம்.

விகிதத்தை இன்னும் ஏற்றிக் காட்டினால் என்ன என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். 22 சதவீதம் என்று வையுங்கள். இருப்பு 25.4 லட்சமாகிறது; நீங்கள் காப்பீடு செய்ததோ 20 லட்சம். உங்களுடையது பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி. அதில் 15 சதவீதம் வரையிலான குறைக்காப்பீட்டைக் கண்டுகொள்ள மாட்டார்கள். இங்கே குறைவு 21 சதவீதத்தைத் தாண்டுவதால் விகிதாசார வெட்டு விழும். 14.55 லட்சத்தில் 25.4-க்கு 20 என்ற பங்குதான் கிடைக்கும். அது சுமார் 11.46 லட்சம். பொய் சொல்லிச் சம்பாதிப்பது ஆறாயிரம் ரூபாய், அதற்குப் பணயம் வைப்பது முழு க்ளெய்மையும்.

மறு சர்வே ஏன் வேண்டாம் என்பது இப்போது விளங்கியிருக்கும். சர்வேயர் கிடங்கைத் திறக்கவே இல்லை, எண்ணிக்கையே தவறு, பாதிக்கப்பட்ட பொருள் இன்னும் அப்படியே கிடக்கிறது என்றால் புதிய சர்வேயர் வந்து பார்ப்பதில் பொருள் உண்டு. உங்கள் கடையில் பார்க்க இனி எதுவும் இல்லை. புதிதாக வருபவரும் இதே காகிதங்களைத்தான் புரட்டுவார். மேலும் இரண்டாவது சர்வேயரை நியமிக்கச் சொல்லி வற்புறுத்தும் உரிமை பாலிசிதாரருக்கு நேரடியாக இல்லை. நிறுவனமும் தன் விருப்பத்துக்கு ஆள் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. முதல் அறிக்கையை ஏன் ஏற்கவில்லை என்று காரணம் காட்ட வேண்டும் என்று 2009-இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தனிச் சர்வேயரிடம் அறிக்கை பெறும்படி உத்தரவிடும் அதிகாரம் காப்பீட்டுச் சட்டத்தின் 64யூஎம் பிரிவில் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.க்கு இருக்கிறது, ஆனால் உங்கள் அளவு தகராறுக்கு அது சுற்றுவழி. அதே 2009-இல், பிரதீப் குமார் வழக்கில், சர்வேயர் அறிக்கை இறுதி வார்த்தை அல்ல என்றும் அந்த நீதிமன்றம் கூறியது. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அதுதான்: அறிக்கையில் பிழை உண்டு, இதோ ஆவணம் என்று காட்டினால், வேறு தொகையை ஏற்க நிறுவனத்துக்கு வழியிருக்கிறது.

உங்கள் ஆடிட்டரிடம் முந்தைய இரண்டு வருடத்துக்கும் இந்த எட்டு மாதத்துக்குமான வியாபாரக் கணக்கைப் போட்டுச் சான்றிதழ் வாங்குங்கள். விலை குறைந்த நைட்டி முதல் பட்டுப்புடவை வரை பல விலையில் முப்பது நாற்பது பொருள்களுக்குக் கொள்முதல் பில்லையும் விற்பனை பில்லையும் ஜோடியாக இணையுங்கள். தள்ளுபடியில் விற்றவையும் அதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொறுக்கி எடுத்தது என்பார்கள். பிறகு நிறுவனத்தின் க்ளெய்ம் மேலாளருக்கு ஒரே பக்கக் கடிதம், நகல் சர்வேயருக்கும் வங்கிக்கும். நிகர விகிதம் மொத்த விகிதமாக எடுக்கப்பட்டிருக்கிறது, இந்த ஒரு வரியைத் திருத்தி அடெண்டம் ரிப்போர்ட் பெறுங்கள், தகராறில்லாத 7.2 லட்சத்தை இடைக்காலத் தொகையாக இப்போதே வங்கிக் கணக்கில் செலுத்துங்கள் என்ற மூன்று விஷயங்கள் போதும். புயல் துயரத்தை அதில் எழுத வேண்டாம்.

அனுப்பும் முன் வங்கிக்கு மாதாமாதம் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்கள், அது எனக்கு அனுப்பிய காகிதங்களில் இல்லை. அக்டோபர், நவம்பருக்கு 20 லட்சத்தை ஒட்டிய எண் இருந்தால் அதையும் இணைத்துவிடுங்கள். அதே பழைய எண்ணை மாதாமாதம் எழுதிக் கொடுத்து, அது 16 லட்சம் என்று நின்றிருந்தால், நிறுவனம் முதலில் எடுத்து நீட்டும் காகிதம் அதுவாகத்தான் இருக்கும், அப்போது ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் பில்களும் மட்டுமே உங்களைத் தாங்க வேண்டும்.

முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் ஃபைல் நகரும் என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட ரசீதைக் கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2015-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. ஆனாலும் கையெழுத்திட்டபின், நெருக்கடியில் போட்டேன் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் ஏறும். பணம் பெறும் ரசீதில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், "மீதித் தொகைக்கான ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்" என்று கைப்பட எழுதுங்கள்.

காத்திருப்பதன் விலையையும் பார்த்துவிடுங்கள். நான்கு மாதம் இழுத்தால், 7.2 லட்சத்துக்கு சி.சி. வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 26,000 ரூபாய். இடைக்காலத் தொகை வந்துவிட்டால் அதுவும் இல்லை. மைத்துனர் வட்டி எப்படியும் ஓடும். எதிரே இருப்பது, குறைந்த கணக்கில் பார்த்தாலும், 3 லட்சத்துக்கு மேல்.

இழப்பீட்டை மீட்டுத் தருகிறோம் என்று சதவீதம் பேசும் ஏஜென்சிகள் இப்போது பெருகியிருக்கின்றன. உங்கள் வழக்கு ஒரு ஆடிட்டர் சான்றிதழில் நிற்கிறது; அதற்கு யாருக்கும் பங்கு கொடுக்காதீர்கள். இழப்பீடு வரும்வரை சமாளிக்க மொபைல் ஆப்பில் வியாபாரக் கடன் எடுக்கவும் வேண்டாம்.

நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ, அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுதிய கடித நகலோடு சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தனி உரிமையாளர் கடைகளையும் குறு நிறுவனங்களையும் அவர் விசாரிப்பார். 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனத்தின் மறுப்பு வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். ஆகவே மறுப்பை வாய்மொழியாக ஏற்காமல் எழுத்தில் கேட்டு வாங்கி, தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.