மருந்து குடித்தும் சோறு தொண்டைக்குக் கீழே சிக்குகிறதா?

கேள்வி: வயது 34. சப்பாத்தி, கோழிக்கறி எல்லாம் நெஞ்சில் சிக்கிக்கொள்கிறது. எண்டோஸ்கோப்பி செய்து ஈசினோபிலிக் ஈசோபாகைட்டிஸ், அதாவது அலர்ஜியால் உணவுக்குழாய் வீங்கும் நோய் என்றார்கள். நெபுலைசருக்குப் போடும் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தைக் குடிக்கச் சொன்னார் டாக்டர். காலையும் இரவும் 1 மி.கி. என ஒரு மாதம் குடித்தும் பெரிய மாற்றமில்லை. பால், கோதுமையை நிறுத்திப் பார்க்கவா?

பதில்: அதற்கு முன், மருந்தை எப்படிக் குடிக்கிறீர்கள் என்று பார்ப்போம். பலரும் குப்பியை உடைத்து நேரே வாயில் ஊற்றி, மேலே தண்ணீரும் குடித்துவிடுகிறார்கள். இந்த மருந்து உணவுக்குழாயின் உட்சுவரில் ஒட்டி நின்றால்தான் வேலை செய்யும். தண்ணீர் போல இருக்கும் 2 மி.லி. திரவம் நொடியில் வயிற்றுக்குள் போய்விடும்.

அதனால் குப்பியில் உள்ளதை இரண்டு டீஸ்பூன் தேனில் கலந்து கெட்டியாக்குங்கள். சர்க்கரை நோய் இருந்தால் தேனுக்குப் பதில் என்ன சேர்ப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குங்கள். பிறகு அரை மணி நேரம் சாப்பாடோ தண்ணீரோ கூடாது. வாயை மட்டும் கொப்பளித்துத் துப்பிவிடலாம். கொப்பளிக்காவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை படரலாம். இரவு வேளையைப் படுக்கப் போகும்போது வைத்துக்கொள்வது நல்லது. 0.5 மி.கி., 1 மி.கி. குப்பிகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், லேபிளைப் படியுங்கள்.

இப்படி எட்டு முதல் பன்னிரண்டு வாரம் எடுத்தபின் மறுபடி எண்டோஸ்கோப்பி செய்து சதைத் துணுக்கு எடுக்க வேண்டும். விழுங்குவது சுலபமானதை மட்டும் நம்ப முடியாது. நன்றாக மென்று, வாய்க்கு வாய் தண்ணீர் குடித்துச் சமாளிக்கப் பழகியிருப்பீர்கள். நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் புலத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணுக்கள் 15-க்குக் கீழே இறங்கியதா என்பதுதான் கணக்கு. எண்ணிக்கை இறங்கியும் சிக்கினால் குழாய் தழும்பேறிச் சுருங்கியிருக்கலாம். அதைப் பலூனால் விரிக்க வேண்டும்.

இந்த நேரத்தில் உணவையும் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. மருந்தே வேண்டாம் என்றால் உணவு வழி தனியாக இருக்கிறது. பாலை மட்டும் முதலில் நிறுத்துங்கள். 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் பாலை மட்டும் விட்டவர்களில் 34 சதவீதமும், பால், கோதுமை, முட்டை, சோயா, மீன் வகை, கொட்டை வகை என ஆறு உணவுகளை விட்டவர்களில் 40 சதவீதமும் ஆறு வாரத்தில் தேறினார்கள்; புள்ளியியல் கணக்கில் அது பெரிய வித்தியாசமில்லை. பால் என்றால் காபி, தயிர், மோர், நெய், பிஸ்கட்டுக்குள் இருக்கும் பால் பவுடர் வரை. கோதுமையை விட நேர்ந்தால் ரவையோடு பெருங்காயத்தையும் பாருங்கள். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். ஊசி குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட் இந்த நோய்க்கான உணவைச் சரியாகக் காட்டாது, அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

எச்சில்கூட இறங்காமல் வழிகிறதென்றால் உடனே எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கித் தள்ளிவிடப் பார்த்தால் அடைப்பு இன்னும் இறுகும்.