ஜன்னல் சன்ஷேட்: கம்பி மேலே, பள்ளம் கீழே – கேள்வி பதில்

புது வீடு கட்டுபவர்: நாலடி ஜன்னலுக்கு இரண்டடி நீட்டி சன்ஷேட் போட வேண்டும். என்ன கனம், எத்தனை கம்பி?

ஜன்னலின் இரு பக்கமும் அரையடி தள்ளி, மொத்தம் ஐந்தடி (1500 மி.மீ.) நீளம் வையுங்கள். ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலின் ஓரத்தில் 100 மி.மீ. கனம், நுனியில் 75 மி.மீ. போதும். முதன்மைக் கம்பி 8 மி.மீ., 150 மி.மீ. இடைவெளியில். ஐந்தடிக்கு 11 கம்பி வரும். அதன் அடியில் குறுக்காக 8 மி.மீ. கம்பி, 200 மி.மீ. இடைவெளியில் நாலு.

முதன்மைக் கம்பி சன்ஷேட்டின் மேல்பக்கத்தில்தான் இருக்க வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் பலகை கீழே வளையப் பார்க்கும்போது இழுபடுவது மேல்பக்கம். மேல்முகத்திலிருந்து 20 மி.மீ. உள்ளே கம்பி நிற்க வேண்டும்.

கம்பியை லிண்டல் முகத்தோடு வெட்டிவிடாதீர்கள். சாதாரண எம்20 கான்கிரீட்டில் 8 மி.மீ. கம்பி பிடித்து நிற்க, லிண்டலுக்குள் சுமார் 450 மி.மீ. நீளம் வேண்டும். 230 மி.மீ. சுவரில் நேராக அவ்வளவு கிடைக்காது. உள்முகம் வரை 205 மி.மீ. போய், கீழே 100 மி.மீ. இறங்கி, லிண்டலின் அடியில் 150 மி.மீ. திரும்பினால் கணக்கு சரியாகும். ஆகவே ஒரு கம்பிக்கு ஏறக்குறைய 1.05 மீட்டர் வெட்டுங்கள்.

மேஸ்திரி ஒருவர்: நாங்கள் கம்பியை நடுவில் வைத்து, இரண்டு கம்பி கூட்டிவிடுவோம். அதுவும் பலம்தானே?

கம்பி கூடினால் பலம் கூடும் என்பது சரி. ஆனால் 100 மி.மீ. கனத்தில் மேலே சரியாக நின்றால், அடிமுகத்திலிருந்து கம்பி வரை கிடைக்கும் உயரம் 76 மி.மீ. நடுவில் போனால் அது 50. தாங்குதிறன் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 11 கம்பியை 13 ஆக்கினால் அந்த இழப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் திரும்பக் கிடைக்கும். அடியில் விழுந்துவிட்டால் எத்தனை கம்பி கூட்டியும் பயனில்லை.

பெரும்பாலும் கம்பி கட்டும்போது சரியாகத்தான் இருக்கும். கான்கிரீட் கொட்டும் ஆள் மேலே ஏறி மிதிக்கும்போதுதான் அமுங்குகிறது. அதனால் நுனியிலும் நடுவிலும் நாற்காலிக் கம்பி வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். மிதிக்கப் பலகை போடுங்கள். கொட்டி முடித்து மட்டம் தட்டும் முன், ஒரு கம்பித் துண்டைக் குத்திப் பாருங்கள். 20 மி.மீ.க்குள் தட்டுப்பட வேண்டும்.

அதே மேஸ்திரி: சரி, முட்டு எப்போது எடுக்கலாம்? ஏழு நாளில் எடுத்தாலும் ஒன்றும் ஆனதில்லை.

நாள் மட்டும் போதாது, லிண்டல் மேல் எவ்வளவு எடை இருக்கிறது என்பதையும் பாருங்கள். இந்த சன்ஷேட் பூச்சோடு ஒரு மீட்டருக்கு சுமார் 160 கிலோ. அந்த எடை சுவர் முகத்திலிருந்து 0.3 மீட்டர் தள்ளி இழுக்கிறது: 48 கிலோ-மீட்டர். மறுபக்கம் இரண்டடி உயரச் செங்கல் சுவரும் லிண்டலும் சேர்ந்து ஒரு மீட்டருக்கு 365 கிலோ. ஆனால் அது 0.115 மீட்டர் தூரத்தில்தான் அழுத்துகிறது: 42. இரண்டடிச் சுவர் மட்டும் மேலே இருந்தால் சன்ஷேட்டின் இழுப்புதான் அதிகம். லிண்டல் புரளத் தொடங்கும். நுனியில் ஒரு ஆள் நின்றால் இன்னும் மோசம்.

அதனால் மேலே சுவர் முழுதும் எழும்பி, தளமும் போட்டு இறுகிய பிறகு முட்டுகளை எடுங்கள். 14 நாள் என்பது குறைந்தபட்சம்தான். எடுக்கும்போது நுனியிலிருந்து லிண்டல் நோக்கி வாருங்கள். லிண்டல் முறுக்கைத் தாங்க, அதன் கம்பிகளை முழுதும் சுற்றி வரும் மூடிய ஸ்டிரப் அவசியம். ஏழு நாளில் எடுத்தும் நின்றது என்கிறீர்கள். அப்போது மேலே தளம் இருந்ததா?

வீட்டுக்காரர்: சன்ஷேட் வெளிப்பக்கம் நன்றாகச் சரிந்திருக்கிறது. இருந்தும் ஜன்னலுக்கு மேலே சுவரில் கறுப்புக் கோடுகள். சரிவு போதவில்லையா?

சரிவு இருப்பது நல்லது. மேல்பக்கம் இரண்டடிக்கு 15 முதல் 20 மி.மீ. இறங்கினால் போதும். நீங்கள் சொல்லும் கோடு வருவது அடிப்பக்கம் வழியாக. நுனிக்கு வரும் நீர் உடனே சொட்டாது. ஒட்டிக்கொண்டு அடிமுகம் வழியே சுவரை நோக்கி ஊர்ந்து வரும். மேலே படிந்த தூசியையும் கரைத்துக்கொண்டு வருவதால் கறுப்பு.

அதை நிறுத்துவது சொட்டுப் பள்ளம். நுனியிலிருந்து 25 மி.மீ. உள்ளே, 12 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழம். 6 மி.மீ. அளவுக்குக் குறுகினால் நீர் பாலம் போல ஒட்டித் தாண்டிவிடும். ஓரங்கள் கூராக இருக்க வேண்டும். மேஸ்திரி ஸ்பாஞ்சால் தேய்த்து உருட்டிவிட்டால் பள்ளம் இருந்தும் வேலை செய்யாது.

புதிதாகப் போடுவோர் சென்டரிங் பலகையில் மரப்பட்டை அறைந்துவிட்டால் பள்ளம் தானாக வரும். முதன்மைக் கம்பி மேலே இருப்பதால் அடியில் பள்ளத்துக்குத் தடையில்லை.

இன்னொருவர்: எங்களுக்குப் பள்ளம் உண்டு. ஆனால் ஜன்னலின் இரு பக்கமும் மீசை மாதிரிக் கறை.

முன்பக்கம் மட்டும்தான் பள்ளம் வெட்டியிருப்பார்கள். பக்கவாட்டு ஓரங்களிலும் வேண்டும். மூன்று பக்கமும் தொடர்ந்து போய், சுவருக்கு 25 மி.மீ. முன்னால் நிற்க வேண்டும். சுவரைத் தொட்டால் பள்ளமே நீரைச் சுவருக்குக் கொண்டுபோய் விடும். கூடவே மேல்பக்கம், இரு பக்க ஓரத்திலும் 15 மி.மீ. உயரத்தில் ஒரு சிறு விளிம்பு பூசிவிட்டால் நீர் முன்னால் மட்டும்தான் இறங்கும். இந்த விளிம்பை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கறை குறைவதில் பாதிப் பங்கு இதற்குத்தான் என்பது என் கருத்து.

ஒரு வாசகி: எங்கள் ஜன்னலுக்குக் கீழேதான் கறை. சன்ஷேட்டைப் பெரிதாக்கலாமா?

வேண்டாம். அது ஜன்னலின் கீழ் ஓரத்தில் பதிக்கும் கல்லின் பிரச்சினை. கல் சுவரைவிட 40 மி.மீ. வெளியே நீண்டு, அதன் அடியிலும் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய வீட்டுக்காரர்: சன்ஷேட் சுவரோடு சேரும் இடத்தில், மேலே நீள விரிசல். சிமென்ட் பூசி அடைத்துவிடலாமா?

முதலில் விரிசல் எப்படிப்பட்டது என்று பாருங்கள். பூச்சில் மட்டும் மெல்லிய கோடாக இருந்து, தட்டினால் வெற்றொலி வந்தால், பூச்சை நீக்கி மூலையில் 50 மி.மீ. சரிவுக் கலவை வைத்துப் பூசலாம். விரிசல் கான்கிரீட்டுக்குள் இறங்கி, நுனியும் தொய்ந்திருந்தால் கம்பி இடம் மாறியிருக்கிறது அல்லது துருப்பிடித்திருக்கிறது. அதன்மேல் பூசுவது எடையைக் கூட்டுவதுதான். உடனே கீழே முட்டுக் கொடுத்து, ஆள் நடமாட்டத்தை நிறுத்தி, பொறியாளரை அழைத்துக் கம்பியின் ஆழத்தைக் கருவியால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் உடைத்துப் புதிதாகப் போடுவதாகவே முடியும்.

அவரே: பள்ளமே இல்லாத மற்ற சன்ஷேட்களில் இப்போது வெட்டலாமா?

பூச்சு 15 மி.மீ. இருந்தால் கிரைண்டரால் 8 மி.மீ. ஆழம் வெட்டலாம். மெல்லியதாக இருந்தால் வெட்டாதீர்கள். எல் வடிவ அலுமினியப் பட்டையை நுனியில் ஒட்டி, அதன் கால் 10 மி.மீ. கீழே தொங்கும்படி விடுங்கள். ஒட்டுப்பசை வெயிலில் எத்தனை ஆண்டு தாங்கும் என்பது பசையைப் பொறுத்தது. அதனால் திருகும் சேர்த்தே போடுங்கள். காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழையை இந்த இரண்டும் தடுக்காது.