‘பொருத்தமான இடங்களில் பயன்படுத்தலாம்’ என்றால் எந்த இடம்?

தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய பாடக் கையேட்டுப் பக்கத்தைப் படித்தேன். பிரிட்டனில் டேட்டா அனலிடிக்ஸ் முதுகலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. முதல் அசைன்மென்டே 2,500 சொல் அறிக்கை, கூடவே பைத்தான் நிரல். ஏஐ பற்றிக் கையேட்டில் இருப்பது இரண்டே வரி: “பொருத்தமான இடங்களில், உரிய முறையில் குறிப்பிட்டு, ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாம். சமர்ப்பிப்பது மாணவரின் சொந்த வேலையாக இருக்க வேண்டும்.” சீனியர்களில் ஒருவர் தாராளமாகப் பயன்படுத்து என்கிறார், இன்னொருவர் தொடவே தொடாதே என்கிறார். அப்பாவும் ஊரிலிருந்து தினமும் போன் போட்டுக் கவலைப்படுகிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு வரியை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. முடிவைப் பாடம் நடத்துபவரிடம் விட்டுவிட்டார்கள். அவர் இன்னும் வாய் திறக்கவில்லை.

இது பெரும்பாலும் அலட்சியத்தால் வருவதில்லை. அங்கே ரஸ்ஸல் குழுமம் எனப்படும் 24 பல்கலைக்கழகங்கள் 2023 ஜூலையில் ஏஐ பற்றி ஐந்து பொதுக் கொள்கைகளை மட்டும் வெளியிட்டன. எந்தப் பாடத்தில் எவ்வளவு என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமும் துறையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டன. லண்டனின் யூசிஎல் போன்ற சில இடங்களில் ஒவ்வொரு தேர்வையும் அசைன்மென்டையும் மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: ஏஐ கூடாதது, துணைக்கு மட்டும் அனுமதிப்பது, ஏஐயைப் பயன்படுத்தியே செய்ய வேண்டியது. ஆகவே முதலில் உங்கள் பல்கலைக்கழகத் தளத்தில் இப்படி ஒரு வகைப்பாடு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், “இந்த அசைன்மென்ட் எந்த வகை?” என்ற ஒரே கேள்வியில் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

இல்லையென்றால் மதிப்பெண் பகுப்பை எடுத்துக் கையேட்டின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது. நீங்கள் அனுப்பிய தாளில் முந்தைய ஆய்வுகளுக்கு 20, நிரலுக்கு 30, முடிவுகளை விளக்குவதற்கு 35, மொழிநடைக்கு 15 என்று இருக்கிறது. ‘சொந்த வேலை’ என்ற சொல்லுக்குப் பொருள் இந்த எண்களில்தான் கிடைக்கும். எதற்கு மதிப்பெண் தருகிறார்களோ அதைக் கருவி செய்து கொடுத்தால், மதிப்பெண் கருவிக்குப் போக வேண்டியது என்றுதான் ஆசிரியர் நினைப்பார். நிரலுக்கே மதிப்பெண் இல்லாத பாடத்தில் நிரல் எழுதித் தரும் ஏஐ கருவியான கோபைலட் நாலு வரி நிரப்பிக் கொடுத்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்களுக்கு அதற்கு 30 இருக்கிறது. நிரல் எழுதும் விஎஸ் கோடில் கோபைலட் தானாக வரிகளை நீட்டுவதைக்கூடக் கேட்டுத் தெளியாமல் இயக்கத்தில் வைக்காதீர்கள். பலருக்குத் தாங்கள் ஏஐ பயன்படுத்துகிறோம் என்பதே தெரியாமல் நடப்பது இங்கேதான்.

மொழிநடைக்கான 15 இன்னும் வழுக்கலானது. கிராமர்லி எழுத்துப்பிழையைத் திருத்துவது ஒன்று, முழு வாக்கியத்தையும் மாற்றி எழுதித் தருவது வேறொன்று. இரண்டுக்கும் பொத்தான்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே பல பல்கலைக்கழகங்களில் மெய்ப்புத் திருத்தத்துக்குத் தனி விதி உண்டு, அது ஏஐ பக்கத்தில் இருக்காது, அதையும் தேடிப் படியுங்கள். தமிழில் யோசித்து எழுதிக் கருவியிடம் கொடுத்து ஆங்கிலமாக்குவது நம் பிள்ளைகளுக்கு இயல்பாகத் தோன்றும். ‘கருத்து என்னுடையதுதானே’ என்பார்கள். ஆங்கிலத்தில் எழுதும் திறனையும் சேர்த்து அளக்கும் பாடத்தில் இதைத் தவறாகவே கருதக்கூடும். நான் வழிகாட்டிய ஒரு மாணவி இப்படிச் செய்து விசாரணைக்கு அழைக்கப்பட்டார். தமிழ் வரைவுகளை அவர் வைத்திருந்ததால் கருத்து அவருடையது என்று நிரூபிக்க முடிந்தது. ஆனாலும் இரண்டு மாதம் தூக்கம் கெட்டது.

இனி மின்னஞ்சல். “ஏஐ பயன்படுத்தலாமா?” என்று எழுதினால், கையேட்டின் அதே இரண்டு வரியை வெட்டி ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். கருவியின் பெயரைவிட, நீங்கள் செய்யப்போகும் செயலைச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், சாரம் இப்படி இருக்கட்டும்:

“முதல் அசைன்மென்டைத் தொடங்கும் முன் நான்கு விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ள விரும்புகிறேன். கட்டுரைகளைத் தேட மட்டும் சாட்ஜிபிடியைக் கேட்டு, கிடைத்தவற்றை நானே நூலகத்தில் எடுத்துப் படிக்கலாமா? நான் எழுதிய நிரலில் பிழை வந்தால் பிழைச்செய்தியை அதனிடம் கொடுத்து விளக்கம் கேட்கலாமா, திருத்திய நிரலையே வாங்கலாமா? நான் எழுதிய ஆங்கிலத்தில் இலக்கணத்தை மட்டும் திருத்த கிராமர்லி பயன்படுத்தலாமா? நீங்கள் கொடுத்த தரவுக் கோப்பை வெளிக் கருவியில் ஏற்றலாமா? அனுமதி உண்டென்றால் அதை எங்கே, எந்த வடிவில் குறிப்பிட வேண்டும்?”

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ‘உரிய முறையில் குறிப்பிட்டு’ என்பதற்குச் சிலர் முடிவில் ஒரு வரி போதும் என்பார்கள். சிலர் கருவியின் பெயர், பயன்படுத்திய நாள், கேட்ட கேள்வி, வந்த பதில் எல்லாவற்றையும் பின்னிணைப்பாகக் கேட்பார்கள். வேலை முடிந்த பிறகு தெரிந்தால் அந்த உரையாடல்களைத் திரட்டுவது கஷ்டம். தரவுக் கோப்புக் கேள்வியும் சம்பிரதாயத்துக்கு அல்ல. அதில் நிஜ வாடிக்கையாளர் விவரம் இருந்தால், வெளியே ஏற்றுவது ஏஐ விதியைத் தாண்டி தரவுப் பாதுகாப்பு மீறலாகிவிடும்.

“உங்கள் விவேகத்தைப் பயன்படுத்துங்கள்” என்று பதில் வந்தால் அதோடு நிறுத்தாதீர்கள். “அப்படியானால் பிழைச்செய்திக்கு விளக்கம் மட்டும் கேட்பேன், நிரலை நானே எழுதுவேன், முடிவில் அதைக் குறிப்பிடுவேன். இது தவறென்றால் சொல்லுங்கள்” என்று உங்கள் திட்டத்தை எழுதி அனுப்புங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய ஆபீஸ் ஹவர்ஸில் நேரில் போய்க் கேட்டுவிட்டு, அன்றே “இன்று நீங்கள் சொன்னதாக நான் புரிந்துகொண்டது இது” என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். உதவி ஆசிரியர் வாய்மொழியாகச் சொன்னது மட்டும் போதாது. மதிப்பெண் போடுபவர் வேறொருவராக இருக்கலாம்.

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் பற்றி அப்பா பயப்படுவதில் ஒரு பகுதி நியாயம். பிறர் எழுத்தைக் காப்பியடித்ததைக் கண்டறியும் டர்னிட்டின் மென்பொருள் 2023 ஏப்ரலில் ஏஐ எழுத்தைக் கண்டறியும் வசதியைக் கொண்டுவந்தது. பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அது காட்டும் பழைய சதவீதம் வேறு, இது வேறு. இத்தகைய கண்டுபிடிப்பான்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களின் டோஃபெல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொன்னதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டில் காட்டினார்கள். ஆகவே நேர்மையாக எழுதினாலும் சந்தேகம் வரலாம். உங்கள் கையில் வேர்டின் பதிப்பு வரலாறு, நிரலின் பழைய வடிவங்கள், கைக்குறிப்புகள் இருக்கட்டும். எழுதத் தொடங்கும் முதல் நாளிலேயே கோப்பை ஒன்டிரைவில் திறந்துவிடுங்கள், பதிப்புகள் தாமாகச் சேரும்.

மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்புங்கள். சமர்ப்பிக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கும்போது கேட்பவரை அக்கறையுள்ள மாணவராகப் பார்ப்பார்கள். கடைசி மூன்று நாளில் கேட்டால், ஏற்கெனவே செய்துவிட்டுக் கேட்கிறாரோ என்று தோன்றும். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், ஆங்கிலத்தைச் சேர்ந்து பார்த்துவிடலாம். அப்பாவிடம் நானே பேசுகிறேன்.