15 பக்க டிரான்ஸ்கிரிப்டை நோட்ஸாக மாற்றுவது எப்படி?

*பி.எஸ்சி. நர்சிங் முதலாம் ஆண்டு படிக்கிறேன். சிறுநீரகம் பற்றிய 50 நிமிட வகுப்பை மேடத்திடம் அனுமதி வாங்கிப் பதிவு செய்து, மென்பொருளில் போட்டு எழுத்தாக எடுத்தேன். 15 பக்கம் வந்தது. சுருக்கி எழுதினால் 6 பக்கம். படித்தால் எதுவும் மனதில் நிற்கவில்லை. தலைப்பு, கேள்வி, சுருக்கம் என்று எப்படி ஒழுங்குபடுத்துவது?*

சுருக்கத்தில் ஆரம்பித்ததுதான் சிக்கல். அது கடைசி வேலை. முதல் வேலை, மென்பொருள் தப்பாகக் கேட்டதைத் திருத்துவது.

எல்லாப் பிழையையும் துரத்த வேண்டாம். பொருளையே தலைகீழாக்கும் சொற்களைப் பிடித்தால் போதும். உங்கள் பாடத்தில் அந்த வில்லன்கள் அஃபெரன்ட், எஃபெரன்ட். முன்னது சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய், பின்னது வெளியே கொண்டுபோகும் குழாய். வேகமாகச் சொன்னால் நம் காதுக்கே இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். "அஃபெரன்ட் சுருங்கினால் ஜி.எஃப்.ஆர். கூடும்", அதாவது வடிகட்டும் வேகம் கூடும் என்று வந்திருந்தால் சந்தேகப்படுங்கள். வரும் வழி சுருங்கினால் உள்ளே அழுத்தம் குறையும், வடிகட்டலும் குறையும். அதிகத்தைக் குறிக்கும் ஹைப்பர், குறைவைக் குறிக்கும் ஹைப்போவிலும் இதே ஆபத்து உண்டு. எழுத்தில் நிமிடக் குறி இருந்தால், அந்த இடத்தை மட்டும் ஒலியில் திரும்பக் கேட்டுவிடலாம்.

எண்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜி.எஃப்.ஆர். நிமிடத்துக்கு சுமார் 125 மி.லி. அதை 60-ஆலும் 24-ஆலும் பெருக்கினால் நாளைக்கு 180 லிட்டர். டிரான்ஸ்கிரிப்டில் 18 லிட்டர் என்றிருந்தால் பிழை எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

அப்புறம், எதையும் எழுதாமல் ஒருமுறை முழுக்கப் படியுங்கள். கையில் பென்சில் மட்டும் இருக்கட்டும். "சரி, இப்போ அடுத்தது", "இதுவரைக்கும் பார்த்தது" என்று மேடம் சொல்லும் இடங்களிலும் ஸ்லைடு மாறும் இடங்களிலும் கோடு போடுங்கள். பாடம் திரும்பும் முனைகள் அவை. 50 நிமிடத்துக்கு ஐந்தாறு தலைப்பு போதும். பதினைந்து வந்தால், உதாரணங்களுக்கெல்லாம் தலைப்பு வைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வகுப்பு ஓடிய வரிசையிலேயே நோட்ஸையும் எழுதுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஆசிரியர் 9-ஆம் நிமிடத்தில் ஜி.எஃப்.ஆர். என்றால் என்ன என்று சொல்லியிருப்பார். 31-ஆம் நிமிடத்தில் ஒரு மாணவி கேட்ட சந்தேகத்துக்காகத் திரும்ப அதற்கே வந்திருப்பார். 44-ஆம் நிமிடத்தில், ரத்தக் குழாயைச் சுருக்கும் ஹார்மோனான ஆஞ்சியோடென்சின் பற்றிப் பேசும்போது மறுபடி தொட்டிருப்பார். மூன்றையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவாருங்கள், ஓரத்தில் நிமிடத்தைக் குறியுங்கள். உங்கள் 6 பக்கத்தில் இவை மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும் என்பது என் ஊகம். படித்தது நிற்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

தலைப்பை ஒற்றைச் சொல்லாக வைக்காமல் வாக்கியமாக வையுங்கள். "ஜி.எஃப்.ஆர்." என்ற தலைப்பு ஒன்றும் சொல்லாது. இப்படி இருக்கலாம்:

வெளியேறும் குழாய் சுருங்கினால் வடிகட்டல் கூடும், ஆனால் ஓரளவுதான் (9, 31, 44)

எஃபெரன்ட் சுருங்கும்போது ரத்தம் குளோமெருலஸில் தேங்கி அழுத்தம் ஏறுகிறது, ஜி.எஃப்.ஆர். உயர்கிறது. மிக அதிகமாகச் சுருங்கினால் ரத்த ஓட்டமே குறைந்து, உள்ளே தங்கும் புரதத்தின் இழுவிசை கூடி, ஜி.எஃப்.ஆர். இறங்குகிறது. ஆஞ்சியோடென்சின் II இந்தக் குழாயைத்தான் அதிகம் சுருக்குகிறது.

*கேள்வி: ரத்த அழுத்தம் சற்றுக் குறைந்தபோதும் ஆஞ்சியோடென்சின் II எப்படி வடிகட்டலைக் காப்பாற்றுகிறது?*

*கேள்வி: அதே அளவு அஃபெரன்ட் சுருங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?*

"ஜி.எஃப்.ஆர். எவ்வளவு?" போன்ற கேள்வி தலைப்புக்கு ஒன்று போதும். மேலே உள்ளவைபோல "எப்படி", "மாறினால் என்ன" என்று கேட்பவைதான் நீங்கள் புரிந்துகொண்டீர்களா என்று காட்டும். விடையைக் கேள்விக்குக் கீழேயே எழுதாதீர்கள், கண் தானாக அங்கே போய்விடும். நிமிட எண்ணை மட்டும் போடுங்கள்.

சுருக்கத்தை மறுநாள் எழுதுங்கள், எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து எட்டு வரி. பிறகு தலைப்புகளோடு ஒப்பிட்டு, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். அடுத்த முறை அந்த மையில் இருப்பதை முதலில் படியுங்கள். ஒரு தலைப்பிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை என்றால், அந்தப் பகுதியின் ஒலியை மட்டும் இன்னொரு முறை கேளுங்கள்.

மேடம் சொன்னதும் பாடப்புத்தகமும் மோதும் இடத்தில் இரண்டையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அடுத்த வகுப்பில் கேட்டுவிடுங்கள். அதுவரை ஒலிப்பதிவை அழிக்க வேண்டாம்.